கரையில் ஒரு மொழி, கட்டில் ஒரு மொழி

ஒன்றிய அரசின் ஆட்சிமொழிச் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நீதிமன்றத்துக்கு வருவோம். மக்கள் பேசும் மொழிக்கும் சட்டம் ஏற்கும் மொழிக்கும் உள்ள இடைவெளியை அங்கேதான் அளந்து பார்க்க முடியும். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேரின் தாய்மொழி தமிழ். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் போன்ற கடற்கரை ஊர்களில் அன்றாட வாழ்க்கையே தமிழில்தான் நடக்கிறது. ஆனால் ஆட்சிமொழிச் சட்டம் தலைகளை எண்ணி எழுதப்படுவதில்லை. எந்த அவையில் எந்த மொழியில் எழுதிய ஏடு செல்லும் என்பதையே அது சொல்கிறது. அதனால் ஒரே ஊரில், ஒரே வழக்கில், படிக்குப் படி மொழி மாறிவிடும்.

ஒரு வழக்கை எண்ணிப் பார்ப்போம். பாம்பன் அருகே இரவில் வலை அறுபட்டதாக ஒரு நாட்டுப்படகு மீனவர் புகார் கொடுக்கிறார். முதல் தகவல் அறிக்கை தமிழில் பதிவாகிறது. வழக்கு கீழமை நீதிமன்றத்துக்குப் போகிறது. அதன் மொழியை முடிவுசெய்யும் அதிகாரத்தைக் குற்ற வழக்கு நடைமுறைக்கான சட்டம் மாநில அரசுக்குத் தருகிறது. 1956-இன் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் அங்கே தமிழுக்கு இடம் தருகின்றன. எனவே சாட்சி சொன்னது தமிழிலேயே பதிவாகிறது: "என் வல்லத்த விசைப்படகு இடிச்சிருச்சு." வழக்கு மேல்முறையீடாகவோ சீராய்வாகவோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்போது, வழக்கறிஞர்கள் 'டைப்டு செட்' என்று சொல்லும் ஆவணத் தொகுப்பு ஆங்கிலத்தில் தயாராக வேண்டும். மொழிபெயர்ப்பவருக்குக் கடல் தெரியாவிட்டால் வல்லமும் விசைப்படகும் ஆங்கிலத்தில் வெறும் படகு ஆகிவிடும். இது சிறிய பிழை இல்லை. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. அந்தப் பகுதி நாட்டுப்படகுக்கு உரியது. யார் வரம்பை மீறினார் என்ற கேள்வியே அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. இந்தப் பிழை நேர்ந்ததா என்று அறிய ஒரே வழி, மொழிபெயர்ப்பைத் தமிழ் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுவதுதான். அந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டை அறிந்த மீனவருக்கோ ஆங்கிலத் தொகுப்பு படிக்க எட்டாது.

மேலே போனதும் மொழி ஏன் மாறுகிறது? அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் வேறு ஏற்பாடு செய்யும்வரை உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது. குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில ஆட்சிமொழியை அங்கே பயன்படுத்த ஆளுநர் அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2006 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் இதைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. கோரிக்கை ஏற்கப்படவில்லை; 2012-இலும் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு இசையவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 348-ஆம் பிரிவு சொல்லவில்லை. 1965-இல் ஓர் அமைச்சரவைக் குழு எடுத்த முடிவு அது.

உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாநிலம் மாறி வருகிறார்கள், எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டாமா என்று கேட்பார்கள். நேர்மையான கேள்விதான், தமிழ் தெரியாத நீதிபதி தமிழ் வாதத்தைக் கேட்டுத் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் இந்தத் தடை எல்லோருக்கும் பொதுவாக இல்லை. இராஜஸ்தானில் 1950-இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969-இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971-இலும், பீகாரில் 1972-இலும் உயர் நீதிமன்றங்களுக்கு இந்தி அனுமதிக்கப்பட்டது. அங்கேயும் நீதிபதிகள் மாறித்தான் வருகிறார்கள். அதற்காகவே 1963-இன் ஒன்றிய ஆட்சிமொழிச் சட்டம், மாநில மொழியில் தீர்ப்பு எழுதினால் உடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும் என்கிறது. இந்திக்குச் செல்லுபடியான இந்த ஏற்பாடு தமிழுக்கு ஏன் செல்லாது என்பதற்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

பெரும்பான்மை மொழியையே ஆட்சிமொழியாக்கினால் இந்தச் சிக்கல் தீருமே என்பது இன்னொரு வாதம். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் அதைச் செய்து பார்த்தார்கள். இலங்கை 1956-இல் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. நாடு முழுவதையும் எண்ணினால் அதுவே பெரும்பான்மை மொழி. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் எண்ணினால் அங்கே பெரும்பான்மை தமிழ். எந்த எல்லைக்குள் எண்ணுவது என்பதைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே விடையும் முடிவாகிவிட்டது. அதன் விலையை அந்த நாடு பல பத்தாண்டுகள் கொடுத்தது. 1987-இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்று வகுத்தது.

சட்டத்தில் எழுதியது நடைமுறையில் அப்படியே நடப்பதில்லை என்று இலங்கைத் தமிழர்கள் சொல்வது உண்மை. ஆனாலும் சட்டத்தின் வாசகத்தை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் இராமேஸ்வரம் மீனவரின் வழக்கு, அந்த நாட்டு அரசியலமைப்பின்படியே தமிழில் பதிவாக வேண்டும். அவர் விடுதலையாகி ஊர் திரும்பி, படகுக்கு இழப்பீடு கேட்டு மதுரைக் கிளையில் மனு போட்டால், அந்த மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.