பத்தாண்டுக் கடனுக்கு ஏன் குறைந்த வட்டி?

2006 டிசம்பரில் அமெரிக்க அரசுக்கு மூன்று மாதத்துக்குக் கடன் கொடுத்தவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் கிடைத்தது. அதே அரசுக்குப் பத்து ஆண்டுகளுக்குக் கடன் கொடுத்தவருக்குக் கிடைத்ததோ சுமார் நாலரை சதவீதம்தான். பணத்தை நாற்பது மடங்கு காலம் முடக்கிப் போடுகிறவர் அதிகம் கேட்பதுதானே முறை? ஆனால் கோடிக்கணக்கில் பணம் புரட்டும் ஆட்கள், விவரம் தெரிந்தே, குறைந்த வட்டிக்கு நீண்ட காலப் பத்திரங்களை வாங்கினார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2007 டிசம்பரில், அமெரிக்கப் பொருளாதாரம் மந்தநிலைக்குள் இறங்கியது.

இந்த வினோதத்தை ஒரே பார்வையில் காட்டும் படத்துக்குத்தான் யீல்டு கர்வ் என்று பெயர். தமிழில் வருவாய் வளைகோடு எனலாம். கிடைமட்டக் கோட்டில் கடனின் காலம்: ஒரு மாதம், மூன்று மாதம், இரண்டு ஆண்டு, பத்து ஆண்டு, முப்பது ஆண்டு. செங்குத்துக் கோட்டில் அந்தந்தக் காலத்துக்கு இன்றைய சந்தை தரும் ஆண்டு வருவாய். புள்ளிகளை இணைத்தால் வளைகோடு தயார். அமெரிக்க நிதித்துறை இந்த எண்களை வேலை நாள் தவறாமல் வெளியிடுகிறது. வழக்கமாகக் கோடு இடமிருந்து வலமாக ஏறும். காலம் நீள நீளப் பணவீக்கம் விழுங்குமோ, நடுவில் பணம் தேவைப்படுமோ என்ற கவலையும் நீள்கிறது. அதற்கான கூலி அந்த ஏற்றம். சில நேரங்களில் மட்டும் இடது முனை மேலே போய், வலது முனை கீழே தங்கிவிடும். அதைத்தான் தலைகீழ் வளைகோடு என்கிறார்கள்.

வருவாய் என்பது பத்திரத்தில் அச்சிட்ட வட்டி அல்ல. ஓராண்டு கழித்து 105 டாலர் தரும் பத்திரத்தை இன்று 100 டாலருக்கு வாங்கினால் வருவாய் 5 சதவீதம். பலரும் போட்டி போட்டு விலையை 102 ஆக்கிவிட்டால், அதே 105 டாலருக்கு வருவாய் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அதாவது விலை ஏறினால் வருவாய் இறங்கும். வலது முனை தாழ்ந்திருக்கிறது என்றால், நீண்ட காலப் பத்திரங்களுக்கு அவ்வளவு கிராக்கி என்று பொருள்.

அந்தக் கிராக்கி ஏன் வருகிறது? ஓராண்டுக் கடனுக்கு 5 சதவீதமும் இரண்டாண்டுக் கடனுக்கு நாலரை சதவீதமும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 100 ரூபாய் இருக்கிறது. இரண்டாண்டுப் பத்திரத்தில் போட்டால் முடிவில் 109 ரூபாய் 20 காசு. ஓராண்டுப் பத்திரத்தில் போட்டால் முதலாண்டு முடிவில் 105. அதை மறுபடி ஓராண்டுக்குப் போட வேண்டும். அப்போது என்ன வட்டி இருக்கும் என்பது இன்று தெரியாது. அது 4 சதவீதமாக இருந்தால் இரண்டு வழியிலும் கைக்கு வருவது ஒரே தொகை. அதற்கும் கீழே போகும் என்று நினைக்கிறவர், இன்றைய நாலரையை இரண்டாண்டுக்கும் உறுதி செய்துகொள்வார். வங்கிகளில் வட்டி குறையப் போகிறது என்ற பேச்சு அடிபட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் எஃப்.டி.யை நீண்ட காலத்துக்குப் போட்டு வைப்பதும் இதே கணக்கில்தான்.

ஆக, தலைகீழ் வளைகோடு சொல்வது ஒன்றுதான்: குறுகிய கால வட்டி இப்போது உயரத்தில் இருக்கிறது, ஆனால் கீழே வரும் என்று சந்தை நம்புகிறது. வட்டியைக் குறைப்பது மத்திய வங்கி. பொருளாதாரம் சுணங்கும்போதுதான் பெரும்பாலும் அது குறைக்கும். எச்சரிக்கை என்ற பெயர் வந்தது இந்த வழியாகத்தான்.

2006க்குத் திரும்புவோம். 2004 ஜூனில் 1 சதவீதமாக இருந்த தன் வட்டியை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கால் கால் சதவீதமாகப் பதினேழு முறை உயர்த்தி, 2006 ஜூனில் 5.25க்குக் கொண்டுவந்தது. இடது முனை கூடவே ஏறியது. வலது முனை அவ்வளவாக அசையவில்லை. இது ஒரு புதிர் என்று அப்போதைய தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் 2005 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அவருக்குப் பின் வந்த பென் பெர்னாங்கி, 2006 மார்ச்சில், வளைகோடு தட்டையானதைப் பெரிய சுணக்கத்தின் அறிகுறியாகத் தான் கொள்ளவில்லை என்றார். வெளிநாட்டு மத்திய வங்கிகள் அமெரிக்கப் பத்திரங்களை வாங்கிக் குவித்ததும் நீண்ட கால வட்டியை அமுக்கியிருந்ததால், அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் சந்தையின் கணிப்பே பலித்தது. 2007 செப்டம்பரில் குறைக்கத் தொடங்கிய ஃபெடரல் ரிசர்வ், 2008 டிசம்பருக்குள் வட்டியைப் பூஜ்யத்துக்கு ஒட்டிக் கொண்டுவந்தது. நாலரை சதவீதத்தைப் பத்தாண்டுக்கு உறுதி செய்துகொண்டவர் தொடர்ந்து நாலரை வாங்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தவருக்கு ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒன்றுமே கிடைக்கவில்லை.

வளைகோடு கணிப்பதோடு நிற்பதில்லை, கொஞ்சம் காரணமாகவும் ஆகிறது. வங்கி டெபாசிட்காரருக்குக் குறுகிய கால வட்டி கொடுத்து, வீட்டுக்கும் தொழிலுக்கும் நீண்ட காலக் கடன் தருகிறது. இடையில் உள்ள வித்தியாசம்தான் அதன் பிழைப்பு. கோடு தலைகீழானால் புதுக் கடனில் அந்த வித்தியாசம் சுருங்கும். வங்கி கடன் கொடுக்கத் தயங்கும்.

இந்த உறவை 1986இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஆராய்ந்தவர் கேம்பெல் ஹார்வி. அமெரிக்காவில் 1970களிலிருந்து வந்த மந்தநிலைகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோடு தலைகீழாகியிருக்கிறது. 2019லும் ஆனது, ஆனால் 2020 வீழ்ச்சிக்குக் காரணம் கொரோனா. அதை வளைகோட்டின் கணக்கில் வரவு வைக்க எனக்கு மனமில்லை. 1960களின் நடுவில் கோடு கவிழ்ந்தும் சுணக்கம் மட்டுமே வந்தது, மந்தநிலை வரவில்லை.

அதைவிடப் பெரிய சோதனை அண்மையில் வந்தது. 2022 ஜூலையில் இரண்டாண்டு வருவாய் பத்தாண்டு வருவாயைத் தாண்டி, 2024 செப்டம்பர் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 2023இல் இடைவெளி 1 சதவீதப் புள்ளியைத் தாண்டியது. மந்தநிலை வரும் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள். கோடு கவிழ்ந்திருந்த அந்தக் காலம் முழுக்க மந்தநிலை வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மிகக் குறைந்த வட்டிக்கு முப்பதாண்டு வீட்டுக்கடன் வாங்கியிருந்த குடும்பங்களை வட்டி உயர்வு அதிகம் தொடவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் வட்டி குறையும் என்ற கணிப்பு, தாமதமாகவேனும், பலித்தது. 2024 செப்டம்பரில் ஃபெடரல் ரிசர்வ் அரை சதவீதம் குறைத்தது. 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் இறங்கிவிட்டதுதான் அதற்கு முக்கியக் காரணம். வட்டி இறங்கும் என்றுதான் கோடு சொல்கிறது. எதனால் இறங்கும் என்று அது சொல்வதில்லை.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கோடு கவிழும் நாளைவிட அது நிமிரும் நாளைக் கூர்ந்து பார்க்கிறார்கள். 2007இல் கோடு நிமிர்ந்து சில மாதங்களில்தான் மந்தநிலை தொடங்கியது. ஆகஸ்டில் கடன் சந்தை உறைந்தபோது பயந்த பணம் மூன்று மாதப் பத்திரங்களுக்குள் ஓடி ஒளிந்ததில் இடது முனை சடாரென்று சரிந்தது. 2024 முடிவில் நிமிர்ந்தது வேறு விதம். இடது முனை படிப்படியாக இறங்கியது. வலது முனையோ செப்டம்பரில் 3.6 சதவீதத்தை ஒட்டி இருந்தது, டிசம்பரில் நாலரைக்கு ஏறியது. அங்கே ஓடி ஒளியும் பணம் தென்படவில்லை. நீண்ட காலத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் மறுபடி கூடுதல் கூலி கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.