ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சீட்டு

20, 1, 15, 3, 10, 5, 8. பார்த்த மாத்திரத்தில் இந்த ஏழு எண்களில் எந்த ஒழுங்கும் தெரியாது. ஆனால் 1, 3, 8 மூன்றையும் விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் 20, 15, 10, 5 என்று ஐந்தைந்தாக இறங்கும் கூட்டுத் தொடர்வரிசை கிடைக்கிறது. பள்ளியில் படித்த அதே கூட்டுத் தொடர்தான்: பொது வித்தியாசம் மாறக்கூடாது.

எண்களின் வரிசையைக் கலைக்காமல், வேண்டாதவற்றை விட்டுவிட்டு, இப்படி எடுக்கக்கூடிய மிக நீளமான தொடர் எது? வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகும் நிரலாளர்கள் பயிற்சி செய்யும் லீட்கோட் தொகுப்பில் இது 1027-ஆம் கணக்கு.

ஒவ்வோர் எண்ணையும் எடுக்கலாம், விடலாம். எல்லா வழிகளையும் பார்த்துவிடலாமே என்றால், ஏழு எண்களுக்கே 128 வழிகள். ஆயிரம் எண்கள் வந்தால் வழிகளின் எண்ணிக்கை 302 இலக்கம் கொண்டதாகிவிடும். எந்தக் கணினியாலும் ஆகாத காரியம்.

இதிலிருந்து மீள ஒரு கவனிப்பு போதும். ஒரு தொடரை நீட்ட முடியுமா என்று தெரிந்துகொள்ள அதன் முழு வரலாறும் தேவையில்லை. அது எந்த இடத்தில் முடிகிறது, வித்தியாசம் என்ன என்ற இரண்டு விவரம் போதும். ஆகவே ஒவ்வோர் எண்ணின் கையிலும் ஒரு சீட்டு கொடுக்கிறோம். 'இந்த வித்தியாசத்தில் என்னோடு முடியும் தொடரின் நீளம் இவ்வளவு' என்று அதில் எழுதிவைக்க வேண்டும். நிரலில் இந்தச் சீட்டுதான் மேப்; பைத்தானில் டிக்ஷனரி.

நம் ஏழு எண்களில் 15-க்கு வருவோம். அதற்கு முன்னால் இருக்கும் 20-ஐக் கழித்தால் வித்தியாசம் -5. 20-இன் சீட்டு காலி. எனவே 15-இன் சீட்டில் '-5: நீளம் 2' என்று எழுதுகிறோம். பிறகு 10 வருகிறது. அதற்கும் 15-க்கும் வித்தியாசம் -5. 15-இன் சீட்டில் -5 ஏற்கெனவே 2 என்று இருப்பதால், ஒன்றைக் கூட்டி 10-இன் சீட்டில் 3. அடுத்து 5 வரும்போது 10-இன் சீட்டைப் பார்த்து 4. இதே 5-இன் சீட்டில் '2: நீளம் 3' என்றும் ஒரு வரி இருக்கும்; அது 1, 3, 5 என்ற தொடர். கடைசி 8 எதையும் நீட்டவில்லை. விடை 4.

நிரல் இவ்வளவுதான்:

```python
best = 2
slips = [{} for _ in a]
for i in range(len(a)):
    for j in range(i):
        d = a[i] - a[j]
        slips[i][d] = slips[j].get(d, 1) + 1
        best = max(best, slips[i][d])
```

புதிதாக எழுதுகிறவர்கள் பலர் வழுக்குவது ஓர் இடத்தில்: ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி மேப் எதற்கு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று போதாதா? 1, 5, 2, 6 என்ற நான்கு எண்களை எடுங்கள். 1, 5 ஜோடிக்கு வித்தியாசம் 4. பொது மேப்பில் '4: நீளம் 2' பதிவாகும். பிறகு 2, 6 ஜோடிக்கும் அதே 4 வந்ததும் நிரல் கண்ணை மூடிக்கொண்டு 3 என்று எழுதிவிடும். ஆனால் முதல் தொடர் 5-இல் முடிந்தது. அதற்கும் 2-க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உண்மையான விடை 2. எங்கே முடிந்தது என்ற விவரத்தைத் தொலைத்ததன் விளைவு இது.

இன்னொரு சந்தேகம் எழலாம். ஒரே எண் இரண்டு முறை வந்தால், அதே வித்தியாசத்துக்கான வரியை நிரல் இரண்டாம் முறை மேலெழுதுகிறதே, நீளமான விடை அழிந்துவிடாதா? அழியாது. முந்தைய பிரதியில் முடிகிற எந்தத் தொடரையும் பிந்தைய பிரதியிலும் முடிக்கலாம். ஆகவே பின்னால் வருகிறவரின் கணக்கு ஒருபோதும் குறையாது.

ஆயிரம் எண்களுக்கு இந்த முறை 4,99,500 ஜோடிகளைப் பார்க்கிறது. கணினிக்கு அது பெரிய வேலையில்லை. பத்தாயிரம் எண்கள் என்றால் ஏறக்குறைய ஐந்து கோடி ஜோடிகள்; சீட்டுகளிலும் அதே அளவு வரிகள் சேரலாம். அங்கே நேரத்துக்கு முன்பே நினைவகம் திணறிவிடும். எண்கள் 0 முதல் 500-க்குள் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வழி உண்டு: வித்தியாசங்கள் -500 முதல் 500 வரை 1001 மட்டுமே என்பதால் மேப்புக்குப் பதில் சாதாரண அட்டவணையே போதும், வித்தியாசத்தோடு 500-ஐக் கூட்டிக் கட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். அந்த உத்தரவாதம் இல்லாதபோது மேப்தான் சரி.