பாடத்தை எங்கே வெட்டுவது?

1971-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் சேர்க்கப்பட்டபோது சண்டை சச்சரவு ஓயவில்லை. சமூக உளவியலாளர் எலியட் அரோன்சனும் அவருடைய மாணவர்களும் அங்கே கண்டுபிடித்த வழிதான் 'ஜிக்சா' வகுப்பு. ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகையாளரின் வாழ்க்கை வரலாற்றை அவர்கள் ஆறு பத்திகளாக எழுதினார்கள். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பத்தி. மற்ற ஐந்தையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இருந்த பாடத்தைக் கத்தரிக்கோலால் ஆறாக வெட்டி அவர்கள் கொடுக்கவில்லை. புலிட்சரின் முன்னோர், சிறுவயது, இளமை என்று வாழ்வின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பத்தியில் அடங்கும்படி வரலாற்றையே புதிதாக எழுதி, அதன் பிறகுதான் வெட்டினார்கள். இன்று நம் ஊர் வகுப்புகளில் ஜிக்சா சொதப்பினால், "பசங்க பேசிட்டே இருக்காங்க" என்று பழியைப் பிள்ளைகள் மீது போடுவது வழக்கம். பெரும்பாலும் கோளாறு அட்டையில்தான் இருக்கும்.

ஆறாம் வகுப்பில் வரும் சிந்துவெளி நாகரிகப் பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து அட்டைகள் தேவை என்றதும் கை தானாகத் துணைத்தலைப்புகளை நோக்கிப் போகும்: கண்டுபிடிப்பு, நகர அமைப்பு, வணிகம், கலை, வீழ்ச்சி. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 'கண்டுபிடிப்பு' அட்டை கிடைத்த பிள்ளை சொல்வதைக் கேட்காமலே மற்ற நால்வரும் பாடத்தை முடித்துவிடலாம். அவன் பேசும்போது மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். 'நகர அமைப்பு' அட்டைக்காரனுக்கோ மூட்டை கனம்: தெரு, செங்கல், கிணறு, வடிகால், பெருங்குளம், களஞ்சியம் எல்லாம் அவன் தலையில்.

ஆகவே அட்டைகளை எழுதும் முன் கடைசிக் கேள்வியை எழுதிவிட வேண்டும். ஐந்து அட்டையும் கைக்கு வந்தால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வியாக அது இருக்க வேண்டும். இந்தப் பாடத்துக்குப் பொருந்தும் ஒரு கேள்வி: 'மொகஞ்சதாரோவை யாராவது ஆண்டார்களா? சான்றோடு வாதாடுங்கள்.' ஆய்வாளர்களுக்கே இன்னும் முடிவு கிடைக்காத கேள்வி என்பதால் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டி விடை தேட வழியில்லை.

கேள்வி முடிவானதும் பாடம் வேறு இடங்களில் பிரிகிறது. முதல் அட்டைக்குத் தெருவும் செங்கலும். ஊருக்கு ஊர் செங்கல்லின் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்திருப்பது அதன் மையச் செய்தி. இரண்டாவது தண்ணீர்: மூடிய வடிகால்கள், மொகஞ்சதாரோவில் சுமார் 700 இருந்திருக்கலாம் என்று கணிக்கப்படும் கிணறுகள், ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட பெருங்குளம். மூன்றாவது எடைக்கற்களும் முத்திரைகளும். நான்காவது மணி, சங்கு, வெண்கலம் செய்த கைவினைஞர்கள். ஐந்தாவதுதான் சுவையானது: கிடைக்காதவை. அரண்மனை என்று உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடம் இல்லை, ஆடம்பரமான அரச கல்லறை இல்லை, எழுத்து இருந்தும் அதைப் படிக்க முடியவில்லை.

முதல் மூன்றும் 'யாரோ கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்' என்ற பக்கம் இழுக்கும். ஐந்தாவது எதிர்ப்பக்கம் இழுக்கும். நான்காவதை எந்தப் பக்கமும் வைக்கலாம். இவற்றில் எதை எடுத்துவிட்டாலும் விவாதம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

கண்டுபிடித்த கதையும் வீழ்ச்சியும் எங்கே போயின? அவற்றை ஆசிரியரே சொல்லிவிடலாம். பாடத்தின் ஒவ்வொரு வரியையும் அட்டையில் திணித்தாக வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. காலக்கோடும் நிலப்படமும் மட்டும் ஐந்து அட்டையின் பின்பக்கத்திலும் இருக்க வேண்டும். அது எல்லோருக்கும் பொது.

இனி மூன்றாம் அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நூறு, நூற்றைம்பது சொல் போதும். சத்தமில்லாமல் ஐந்தாறு நிமிடத்தில் இருமுறை படிக்கலாம். கனசதுரமாகச் செதுக்கிய எடைக்கற்கள் பல ஊர்களிலும் கிடைத்தன என்று அது தொடங்குகிறது. சிறிய கற்கள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகின்றன, 16 அலகுக் கல் சுமார் 13.6 கிராம் என்கிறது. சிந்துவெளி முத்திரைகள் மெசபடோமியாவிலும் அகப்பட்டன என்று முடிகிறது. கீழே மூன்று கேள்விகள். ஒன்று, கணக்கு: 64 அலகுக் கல் எத்தனை கிராம்? (54.4 என்று வந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.) இரண்டு, காரணம்: எல்லா ஊரிலும் ஒரே எடை இருந்தால் வியாபாரிக்கு என்ன லாபம்? மூன்று, கற்பிப்பதற்கு: இதைப் படிக்காத நண்பனுக்கு எந்தப் படத்தை வரைந்து விளக்குவாய்? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால் பிள்ளைகள் தாய்க்குழுவுக்குத் திரும்பி அட்டையை ஒப்பிப்பார்கள். மற்றவர்கள் குறிப்பேட்டில் காப்பி அடிப்பார்கள்.

எழுதும்போது 'மேலே கண்டவாறு', 'இதைப் போலவே', 'முன்பு கூறிய' என்ற சொற்களை வேட்டையாடி நீக்க வேண்டும். பாடநூலிலிருந்து பத்தியைப் பெயர்த்து எடுத்தால் அவையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். சோதிப்பது எளிது: பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் அந்த ஓர் அட்டையை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொன்னால், எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே ஓட்டை.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. 40 பேர், ஐந்து அட்டை என்றால் ஐவர் கொண்ட எட்டுத் தாய்க்குழுக்கள். சரி. ஆனால் ஒரே அட்டைக்காரர்கள் கூடும் நிபுணர் குழுவில் எட்டுப் பேர் சேர்வார்கள். எட்டுப் பேரில் மூவர் பேசுவார்கள், ஐவர் தலையாட்டுவார்கள். அதை நான்கு நான்காகப் பிரித்து, ஒரே அட்டைக்கு இரண்டு நிபுணர் குழுக்கள் வைப்பது நல்லது. 43 பேர் இருந்தால் மிஞ்சும் மூவரும் மூன்று தாய்க்குழுக்களில் ஆறாவது ஆளாகச் சேர்வார்கள். இருப்பதில் கடினமான ஐந்தாம் அட்டையை அந்தக் குழுக்களில் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். மறுநாள் ஒருவர் லீவு போட்டாலும் அந்தக் குழுவில் அந்த அட்டை அநாதையாகாது.

மறுநாள் என்று சொல்லக் காரணம், ஒரு பீரியடில் இது முடியாது என்பதுதான். முதல் பீரியட் படிக்கவும் நிபுணர் குழுவில் பேசவும். ஆசிரியர் சுற்றி வந்து ஒவ்வொரு குழுவின் விடைகளையும் பார்த்துவிட வேண்டியது அப்போதே. நிபுணர் குழுவில் தவறான விடை ஒன்று தப்பிவிட்டால் அது நான்கு தாய்க்குழுக்களுக்கும் போய்ச் சேரும். இரண்டாம் பீரியடில் ஆளுக்கு நான்கு நிமிடம், பிறகு விவாதம், கடைசியில் தனித்தனியாக எழுதும் ஒரு சிறு தேர்வு.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. பின்னங்களைக் கூட்டுவதை ஐந்து அட்டையாக்கினால், முதல் படி தெரியாத பிள்ளை மூன்றாம் படியில் 'நிபுணர்' ஆக முடியாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பாடங்களுக்குக் கரும்பலகையே மேல்.

தேர்வுத்தாள்களை அட்டை வாரியாகத் திருத்தினால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும். எடைக்கல் கேள்வியை வகுப்பு முழுவதும் தவறவிட்டிருந்தால் மூன்றாம் அட்டையைத் திருத்தி எழுத வேண்டும். ஒரே நிபுணர் குழுவிலிருந்து போன நான்கு பேரின் தாய்க்குழுக்கள் மட்டும் தவறவிட்டிருந்தால் அந்தக் குழுவின் பேச்சில் ஏதோ பிசகியிருக்கிறது. ஒரு தாய்க்குழு மட்டும் என்றால், அந்தக் குழுவின் மூன்றாம் அட்டைக்காரருக்கு அடுத்த முறை ஒரு துணை ஆள் தேவை.