பின்வரிசை வயலினின் நினைவு: திரையிசைக் கலைஞரை நேர்காணும் முறை

பழைய தமிழ்த் திரைப்பட இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். வயலின், செல்லோ, கிட்டார், தபேலா வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. 1990களில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடா, குறுந்தகடு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களும் அச்சாகத் தொடங்கின. அதற்கு முந்தைய பாடல்களில் ஒரு குறிப்பிட்ட இடையிசையை வாசித்தவர் யார் என்ற கேள்விக்கு, பல நேரங்களில் வாசித்தவரின் நினைவைத் தவிர வேறு சான்று கிடையாது. மும்பைத் திரையிசைக் கலைஞர்களை நேர்கண்டு கிரிகரி பூத் எழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. கோடம்பாக்கத்தில் 1960களிலும் 70களிலும் வாசிக்கத் தொடங்கியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

இவர்களை நேர்காண்பது பாடகரையோ இசையமைப்பாளரையோ நேர்காண்பதைப் போன்றதல்ல. பாடகருக்குத் தன் பாடல் தெரியும். ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவருக்குப் பல சமயம் அது எந்தப் படம் என்றே தெரிந்திருக்காது. காலையில் கால்ஷீட்டுக்கு வருவார். ஸ்டாண்டில் நொட்டேஷன் இருக்கும். ஒத்திகை பார்த்து, டேக் ஓகே ஆனதும் அடுத்த பாட்டுக்கோ அடுத்த தியேட்டருக்கோ போய்விடுவார். படத்துக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள்; கம்பெனியின் பெயரைச் சொன்னால்தான் அவருக்கு விளங்கும். இப்படிப்பட்டவரிடம் “எந்தெந்தப் பாட்டுக்கு வாசிச்சீங்க?” என்று தொடங்கினால், விழா மேடைகளில் நாற்பது முறை சொல்லிப் பழகிய நான்கைந்து பாடல்களின் கதைதான் வரும். அதற்கு மேல் எதுவும் வராது. அவருடைய நினைவு இடம், நாற்காலி, கைவிரல், சம்பளம், பக்கத்தில் இருந்தவர் என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. கேள்விகளும் அந்த வரிசையில் போக வேண்டும்.

முதல் சந்திப்பு ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் நடப்பது நல்லது. எதற்காகப் பதிவு செய்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள், எங்கே வைக்கப்போகிறார்கள் என்பதை அவருக்கு வசதியான மொழியில் சொல்ல வேண்டும். கோடம்பாக்கத்தில் வாசித்தவர்களில் தெலுங்கும் மலையாளமும் வீட்டுமொழியாகக் கொண்டவர்களும், ஆங்கிலமே பேசி வளர்ந்த ஆங்கிலோ இந்தியர்களும் உண்டு. தமிழில் அச்சடித்த படிவத்தை எல்லோரிடமும் நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. யூனியன் அட்டை, புகைப்படங்கள், கால்ஷீட் குறித்து வைத்த டைரி ஆகியவை இருக்கின்றனவா என்றும் அன்றே கேட்கலாம். தேதி, கம்பெனி, இசையமைப்பாளர், வரவேண்டிய பணம் என்று ஒரே வரியில் எழுதப்பட்ட டைரிக் குறிப்பு பின்னால் பெரிய சான்றாக நிற்கும்.

ஒப்புதலை இரண்டு கட்டமாகப் பெற வேண்டும். முதல் படிவம் பதிவு செய்வதற்கு. இரண்டாவது, பதிவைக் காப்பகத்தில் வைப்பதற்கும் பிறர் பயன்படுத்துவதற்கும். இரண்டாவதைப் பேச்சு முடிந்து, அவர் பதிவைக் கேட்டோ குறிப்பைப் படித்தோ பார்த்த பிறகே நீட்ட வேண்டும். தான் என்ன சொல்லப்போகிறோம் என்பது பேசுவதற்கு முன் யாருக்கும் தெரியாது; தெரியாத ஒன்றுக்கு முன்கூட்டியே முழு அனுமதி கேட்பது நியாயமில்லை. உயிரோடிருக்கும் ஒரு சக கலைஞரைப் பற்றியோ, தராமல் போன பணத்தைப் பற்றியோ பேசிவிட்டு மறுநாள் வருந்துபவர்கள் உண்டு. அந்தப் பகுதியை அழித்துவிட வேண்டியதில்லை. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எத்தனை ஆண்டுக்கு மூடி வைக்க வேண்டும் என்று படிவத்தில் எழுதிக்கொள்ளலாம்.

படிவத்தின் வாசகத்தில் சட்டமும் கவனிக்கத்தக்கது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். பயன்படுத்தும் அனுமதிக்கும் இதே விதிகள் பொருந்தும். “பயன்படுத்திக்கொள்ளலாம்” என்று ஒற்றை வரியில் எழுதி வாங்கிய படிவங்கள் ஐந்து ஆண்டுகளில் காப்பகத்துக்குத் தலைவலியாவது இதனால்தான். காலம், நிலப்பரப்பு, பயன்பாட்டு வகை மூன்றையும் எழுத வேண்டும். மதிப்பூதியம் தருவதானால் முதல் சந்திப்பிலேயே தொகையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது படிவத்தில் கையெழுத்திட்டால்தான் பணம் என்ற நிலை வரவே கூடாது.

பேச்சை இரண்டு நாளாகப் பிரிப்பது பொருத்தம். ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முதல் நாள் பிறந்த ஊர், வாத்தியம் கைக்கு வந்த விதம், கற்றுத் தந்தவர், முதல் கால்ஷீட். இங்கே அவசரப்படக்கூடாது. தேவாலயப் பாடகர் குழு, நாடகக் குழு, போலீஸ் பேண்டு, கச்சேரி மேடை என்று ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்பதிலேயே கோடம்பாக்க இசையின் பாதி வரலாறு இருக்கிறது. அடுத்து, தியேட்டருக்குள் நுழைய வேண்டும். “உள்ள வந்தா உங்க நாற்காலி எந்தப் பக்கம் சார்? இடது பக்கம் யார் இருப்பாங்க?” ஒரு வெள்ளைத் தாளைத் தந்து இருக்கை வரிசையை வரையச் சொன்னால், மறந்துபோன பெயர்கள் நாற்காலி நாற்காலியாக வெளியே வரும். கண்டக்டர் எங்கே நின்றார், மைக்குகள் எங்கே இருந்தன, ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து வாசித்த நாட்கள் எப்படியிருந்தன என்பதெல்லாம் இந்தப் படத்தை வைத்தே கேட்கலாம். பணம், கிரேடு, யூனியன் பற்றிய கேள்விகள் இதன் பிறகு, முதல் நாளின் பிற்பகுதியில் வரலாம்.

இரண்டாம் நாள்தான் பாடல்களின் நாள். அன்று வாத்தியம் அருகில் இருக்க வேண்டும். பாடலை ஒலிக்கவிடுமுன் அவருக்கு நினைவிருப்பதைச் சொல்லச் சொல்ல வேண்டும். முதலிலேயே ஒலிக்கவிட்டால், கேட்ட பாட்டுக்கு ஏற்பவே நினைவு திரும்பிவிடும். சிந்தசைசர், மல்ட்டி டிராக், கணினி ஆகியவை வந்ததும் கால்ஷீட் குறைந்ததும் கடைசியில். ‘ரோஜா’ வெளிவந்த 1992ஐ ஒட்டிய ஆண்டுகள் பலருக்குக் கசப்பானவை. “கம்ப்யூட்டர் வந்து வேலை போச்சா?” என்று கேட்டால் பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாகும். “வேலை எப்போ குறைய ஆரம்பிச்சுது, எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்பதே சரி.

உரிமைகோரலை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. மூத்த வயலின் கலைஞர் ஒருவர், பிரபலமான ஒரு பாடலின் இரண்டாவது இடையிசையில் வரும் தனி வயலின் தன்னுடையது, 1977இல் வாசித்தது என்கிறார். வேறொருவர் பெயர் சொல்லப்படுவதை நேர்காண்பவர் அறிந்திருக்கிறார். அங்கே மறுத்துப் பேசக்கூடாது. விவரம் கேட்க வேண்டும். அன்று கண்டக்ட் செய்தது யார்? தனி மைக்கா, வரிசையோடு சேர்ந்தா? பாடகர் அன்று வாய்ஸ் ரூமில் இருந்தாரா? எத்தனை டேக்? பிறகு வாசித்துக் காட்டச் சொல்லலாம். எந்தக் கம்பியில், எந்த விரலில் தொடங்கினார் என்பதைப் பதிவில் கேட்கும் ஒலியோடு இன்னொரு வயலின் கலைஞரால் ஒப்பிட முடியும். டைரியில் அதே கம்பெனியின் பெயர் 1979 பிப்ரவரியில் வருகிறது. படத்தின் தணிக்கைச் சான்றிதழில் அதே ஆண்டின் பிற்பகுதித் தேதி இருக்கிறது. பாடல் அதற்குப் பின் பதிவாகியிருக்க முடியாது. மூத்த மகள் பிறந்த ஆண்டையும் பாடலையும் அவர் நினைவு ஒன்றாக முடிந்து வைத்திருந்தது பேச்சில் தெரியவருகிறது. எழுத்துப்படியில் 1977 என்பதைத் திருத்தக்கூடாது. அவர் சொன்னது அப்படியே இருக்க, டைரி 1979 என்கிறது என்று குறிப்பில் தனியே எழுத வேண்டும். இன்னொரு கலைஞரும் அதே இடையிசைக்கு உரிமை கோரினால் அவர் பொய் சொல்வதாக முடிவுகட்டவும் கூடாது. அதே மெட்டு தெலுங்குப் படத்துக்காக இன்னொரு நாள் பதிவாகியிருக்கலாம், இருவரும் வாசித்திருக்கலாம். தீர்ப்புச் சொல்வது காப்பகத்தின் வேலையல்ல.

வாசித்துக் காட்டும் பகுதியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. மெட்டின் உரிமை வேறொருவருடையது என்பதால் அந்த நிமிடங்களைத் தனியே குறித்து வைக்க வேண்டும். பதிவிலும் கவனம் தேவை. கைப்பேசியின் குரல்பதிவுச் செயலிகள் சில, வாத்திய ஒலியை இரைச்சலாக எண்ணி வெட்டிவிடும். தானியங்கி ஒலியளவை வைத்திருந்தால் வயலின் உச்சத்தில் நசுங்கும். அதை அணைத்துவிட்டு, அவரை உரக்க வாசிக்கச் சொல்லிப் பார்த்து அளவை நிறுத்த வேண்டும். மின்விசிறியின் கீழே உட்கார வைக்கக்கூடாது. கைப்பேசி மாற்றுப் பதிவாக மட்டும் இருக்கலாம்.

மூலக் கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் வடிவில் இருந்தால் ஒற்றைத் தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். இரண்டு நாள் பேச்சு ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கும். மூலத்தை ஒருபோதும் வெட்டக்கூடாது. கேட்பதற்கு எம்பி3 பிரதி தனியே. கோப்பின் பெயரில் வரிசை எண்ணும் தேதியும் பகுதியும் இருந்தால் போதும்: `KMI-014_2025-02-08_01.wav`. கலைஞரின் பெயர் கோப்பில் வேண்டாம். அது பதிவேட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் SHA-256 சரிபார்ப்பு எண்ணை எடுத்துப் பதிவேட்டில் எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருள். அப்போது மற்றப் பிரதியிலிருந்து மீட்கலாம். மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறு ஊரில் இருப்பது அவசியம்.

முழு எழுத்துப்படிக்கு நேரமில்லையென்றால் நேரக் குறிப்பையாவது உடனே எழுதிவிட வேண்டும். நிமிடம், பேசிய பொருள், வந்த பெயர்கள், மூடப்பட்ட பகுதி என்ற நான்கு பத்திகள் போதும். குறிப்பு இல்லாத மூன்று மணி நேரப் பதிவை ஆய்வாளர் எவரும் திறக்கமாட்டார். இணையத்தில் ஏற்றிவிடுவது காப்பதாகாது. அங்கே ஒலி சுருக்கப்படும், கணக்கு முடங்கினால் எல்லாம் போகும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1982இல் தொடங்கப்பட்டு இப்போது குருகிராமில் உள்ள இன இசையியல் ஆவண மையம் போன்ற நிறுவனங்களிடம், பதிவு தொடங்குமுன்பே என்ன வடிவில், என்ன படிவத்தோடு ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுவிடுவது பின்னாளில் இரட்டை வேலையைத் தவிர்க்கும். கலைஞருக்கும் ஒரு பிரதியும், அவர் கையெழுத்திட்ட படிவங்களின் நகலும் போய்ச் சேர வேண்டும்.

டைரியும் நொட்டேஷன் தாள்களும் ஸ்கேன் செய்யப்பட்ட பின் வீட்டுக்கே திரும்ப வேண்டியவை. இத்தகைய கலைஞர்களின் குடும்பத்தார், வீடு மாறும்போதும் பெரியவர் மறைந்த பின்னும் அந்தப் பழைய டைரிகளை எடைக்குப் போட்டுவிடாமல் ஒரு காப்பகத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.