திருப்தியானவர்கள் ஏன் எழுதுவதில்லை?

புதிதாகத் தொடங்கிய ஏசி சர்வீஸ் கடை ஒன்று முதல் மாதத்தில் 40 வீடுகளில் வேலை பார்த்ததாக வைத்துக்கொள்வோம். 36 வீட்டாருக்குத் திருப்தி, 4 வீட்டாருக்குக் குறை. வேலை சரியாக முடிந்தால் அதை மறந்துவிடுவதுதான் மனித இயல்பு. சுவரில் தண்ணீர் ஒழுகினால்தான் கை போனைத் தேடும். அதனால் திருப்தியானவர்களில் 3 பேரும் குறைப்பட்டவர்களில் 2 பேரும் கூகுள் மேப்ஸில் விமர்சனம் எழுதுகிறார்கள். பத்தில் ஒன்பது வேலையை ஒழுங்காகச் செய்த கடை, பார்ப்பவர் கண்ணுக்கு ஐந்தில் இரண்டைக் கெடுக்கும் கடையாகத் தெரிகிறது.

பெயர் தெரியாத கடைக்குத்தான் இது பெரிய அடி. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த மைக்கேல் லூகா, யெல்ப் விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்வதாக 2011இல் எழுதினார். பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களிடம் அந்த விளைவு இல்லை. அவற்றைப் பற்றி மக்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சில விமர்சனங்களை வைத்து எவ்வளவு நம்பலாம் என்பதற்கு பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் தந்த எளிய வழி உண்டு. நல்லவற்றோடு 1, மொத்தத்தோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். மூன்றுக்கு மூன்றும் நல்லவை என்றால் 4/5, அதாவது 80 சதவீதம். இருபதில் ஒன்று மோசம் என்றால் 20/22, ஏறத்தாழ 91 சதவீதம். மாசற்ற மூன்றைவிட ஒரு குறையுள்ள இருபதே வலுவான சான்று. நம் கடைக்கு இப்போது கிடைப்பது 4/7, அதாவது 57 சதவீதம்தான்.

ஆகவே எல்லோரிடமும் கேட்க வேண்டும். குளிர்காற்று வருவதை வீட்டுக்காரர் பார்த்துவிட்ட அன்றே விமர்சன லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, என்ன வேலை நடந்தது என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் போதும். குறை எழுதியவர்கள் அதே இருவராக இருக்க, திருப்தியான 36 பேரில் 12 பேர் எழுதினால்கூடக் கணக்கு 13/16, அதாவது 81 சதவீதம் ஆகிவிடும். சிரித்த முகங்களிடம் மட்டும் கேட்பதும், எழுதினால் தள்ளுபடி என்பதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானவை. அவை கணக்கையும் பொய்யாக்குகின்றன: லாப்லாஸின் வழி பொறுக்கியெடுக்காத பதில்களுக்குத்தான் பொருந்தும். சொந்தக்காரர்களின் விமர்சனங்கள் எளிதில் பிடிபடும். ஒரே வாரத்தில் குவிந்திருக்கும். 'சூப்பர் சர்வீஸ்' என்பதற்குமேல், எந்த வேலை, என்ன பழுது என்ற விவரம் எதுவும் இருக்காது.

குறை சொன்ன இருவருக்கும் பதில் எழுதத்தான் வேண்டும். அதைப் படிக்கப்போவது பெரும்பாலும் அடுத்த வாடிக்கையாளர். 'வருந்துகிறோம்' என்ற ஒற்றைச் சொல் அவருக்கு எதையும் சொல்லாது. 'தண்ணீர் வெளியேறும் குழாயின் சாய்வு தவறியிருந்தது, மறுநாள் காலை வந்து சரிசெய்துவிட்டோம், கட்டணம் வாங்கவில்லை' என்றால், தன் வீட்டில் கோளாறு நேர்ந்தால் இந்தக் கடை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.