கடிதம் யார் கைக்கு வந்தது?

பி.காம். தணிக்கையியல் தாளிலும் சி.ஏ. இன்டர்மீடியட் தேர்விலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: நிறுவனத்தின் வங்கி இருப்பை ஆடிட்டர் எப்படிச் சரிபார்க்க வேண்டும்? பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கேஷ் புக்கையும் ஒத்துப் பார்ப்பார், டெபாசிட் ரசீதுகளைப் பார்ப்பார், வங்கியிடமிருந்து இருப்புச் சான்றுக் கடிதம் வாங்குவார் என்று மாணவர்கள் வரிசையாக எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் எந்த வழியில் வந்து சேர வேண்டும் என்பதைப் பலரும் எழுதுவதில்லை. மதிப்பெண் இருப்பதும் அங்கேதான், இந்தியத் தணிக்கை வரலாற்றின் மிகப் பெரிய சறுக்கல் நடந்ததும் அங்கேதான்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்குப் புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் இருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார். வராத வட்டி 376 கோடியும் வருமானமாக எழுதப்பட்டிருந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, நியூயார்க் பங்குச்சந்தையிலும் பட்டியலான, பெயர் பெற்ற ஆடிட் நிறுவனம் ஆண்டுதோறும் கையெழுத்திட்ட கம்பெனி அது.

சரக்கை அதிகம் காட்டலாம், கடன் வசூலாகும் என்று நம்பவைக்கலாம். அவற்றிலெல்லாம் மதிப்பீட்டுக்கு இடம் உண்டு. வங்கியில் கிடக்கும் பணம் அப்படியல்ல. கேட்டால் வங்கி சொல்லிவிடும். பிறகு எப்படி இது பல ஆண்டுகள் தப்பியது? அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி. 2011 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவில் விடை இருக்கிறது. வங்கிகளுக்குக் கடிதம் அனுப்பும் வேலையையும், பதிலைப் பெறும் வேலையையும் ஆடிட்டர்கள் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள். யாரைச் சோதிக்க வேண்டுமோ அவர்கள் கையாலேயே சான்று வந்தது. வந்தவற்றில் பொய்க் கடிதங்களும் இருந்தன.

தேர்வில் சான்றுகளின் நம்பகத்தன்மை பற்றி எழுதும்போது இந்த வழக்கை மனதில் வைத்துக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வெளியாளிடமிருந்து வரும் சான்று, நிறுவனத்துக்குள் தயாரான சான்றைவிட நம்பத்தக்கது. ஆடிட்டர் தானே பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டதைவிட மேல். எழுத்தில் இருப்பது வாய்மொழியைவிட மேல். மூலப் பத்திரம் நகலைவிட மேல். இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெளியாளின் கடிதமே ஆனாலும், நடுவில் நிர்வாகத்தின் கை பட்டுவிட்டால் அது வெளிச்சான்று என்ற தகுதியை இழந்துவிடுகிறது. அதனால்தான் எஸ்.ஏ. 505 என்ற தணிக்கைத் தரநிலை, யாருக்கு அனுப்புவது, என்ன கேட்பது, பதில் எந்த முகவரிக்கு வருவது என்ற எல்லாவற்றையும் ஆடிட்டரே தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கச் சொல்கிறது. வங்கியின் முகவரியைக்கூட நிறுவனம் கொடுத்தபடியே எடுத்துக்கொள்ளாமல் சரிபார்க்க வேண்டும்.

“வங்கிக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம்” என்று நிர்வாகம் தடுத்தால்? இதுவும் தேர்வில் வரும். தடுக்கும் காரணத்தைக் கேட்க வேண்டும். அது நியாயமானதா என்று பார்க்க வேண்டும். வேறு வழியில் சான்று கிடைக்குமா என்று முயல வேண்டும். காரணம் நியாயமாக இல்லை என்றாலோ, வேறு வழியில் சான்று கிடைக்கவில்லை என்றாலோ நிறுவனத்தின் மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, அதாவது இயக்குநர் குழுவுக்கோ ஆடிட் கமிட்டிக்கோ, தெரிவிக்க வேண்டும். அதன் பிறகே அறிக்கையில் என்ன எழுதுவது என்ற கேள்வி வருகிறது.

அதற்கு முன் உள்கட்டுப்பாட்டைப் பார்த்துவிடலாம். செக் எழுதுபவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை ஒத்துப் பார்ப்பவர் மூன்றாமவர் என்று வேலையைப் பிரித்து வைப்பதுதான் இதன் அடிப்படை. ஒருவர் செய்யும் தவறு இன்னொருவர் கண்ணில் பட்டுவிடும். இந்த ஏற்பாடு நன்றாக நடக்கிறது என்று ஆடிட்டர் சோதித்து உறுதி செய்துகொண்டால், தனித்தனி வவுச்சர்களைப் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஏற்பாடு பலவீனம் என்றால் வவுச்சர்களை அதிகம் பார்க்க வேண்டும்.

இதன் எல்லையையும் சத்யம் காட்டியது. அங்கே பில் போடும் கணினி அமைப்பில் கட்டுப்பாடுகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் சிறப்பு அனுமதி பெற்ற ஒரு பயனர் கணக்கு வழியாக உள்ளே நுழைந்து பொய் பில்களைச் சேர்த்தார்கள்; அவை வழக்கமாகப் பார்ப்பவர்களின் திரையில் தெரியாதபடி மறைத்தும் வைத்தார்கள். இப்படி நுழைந்த பில்கள் 6,000-க்கும் மேல் என்கிறது எஸ்.இ.சி. உத்தரவு. ஊழியரின் தவறைத் தடுக்கும் ஏற்பாடு, அந்த ஏற்பாட்டையே மாற்றும் அதிகாரம் உள்ள மேலிடத்தைத் தடுக்காது. ஆகவே, உள்கட்டுப்பாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிர்வாகம் அதை மீறக்கூடும் என்ற அபாயம் எல்லா நிறுவனத்திலும் உண்டு என்றே ஆடிட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எஸ்.ஏ. 240 விதிக்கும் கட்டாயம்.

இங்கே மாணவர்கள் தடுமாறும் ஒரு இடம். “உள்கட்டுப்பாடு பலவீனமாக இருக்கிறது, எனவே ஆடிட்டர் குறையோடு கூடிய கருத்து தர வேண்டும்” என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கட்டுப்பாடு பலவீனமாக இருந்தும், கூடுதலாகச் சோதித்துக் கணக்கு சரிதான் என்று ஆடிட்டர் திருப்தி அடைந்தால், நிதிநிலை அறிக்கைக்கு அவர் குறையில்லாத கருத்தையே தரலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 143-வது பிரிவின்படி, சிறிய தனியார் கம்பெனிகள் சிலவற்றுக்கு விலக்கு இருந்தாலும், நிதி சார்ந்த உள்கட்டுப்பாடுகள் பற்றி ஆடிட்டர் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கருத்து பாதகமாகவும் கணக்கு பற்றிய கருத்து சுத்தமாகவும் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இனி கருத்து வகைகள். கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்பது க்ளீன் ரிப்போர்ட். மற்ற மூன்றுக்கும் வர, ஆடிட்டர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். கணக்கில் தவறு இருப்பது எனக்குத் தெரியுமா, அல்லது தவறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே முடியவில்லையா? அதன் தாக்கம் ஓரிடத்தோடு நிற்கிறதா, அல்லது கணக்கு முழுக்கப் பரவுகிறதா?

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். ஈரோட்டில் ஒரு துணி நிறுவனம். வரிக்கு முந்தைய லாபம் 80 லட்சம். நிகர மதிப்பு இரண்டரைக் கோடி. எவ்வளவு பெரிய தவறு பொருட்படுத்தத் தக்கது என்று தீர்மானிக்கப் பலரும் லாபத்தில் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். தரநிலை இதைக் கட்டாயமாக்கவில்லை, நடைமுறையில் வந்த அளவு இது. இங்கே அது 4 லட்சம். இந்த நிறுவனத்துக்கு 12 லட்சம் தர வேண்டிய வியாபாரி திவாலாகிவிட்டார், ஒரு பைசாவும் தேறாது. ஆனால் நிர்வாகம் அதை வாராக்கடனாக எழுத மறுக்கிறது. தவறு தெரிந்துவிட்டது, 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் கடனாளிகள் என்ற ஒரு தலைப்போடும் லாபத்தின் ஒரு பகுதியோடும் நின்றுவிடுகிறது. இது குவாலிஃபைட் ஒபீனியன். “இந்த விஷயம் நீங்கலாக மற்றது சரி” என்பது அதன் பொருள். கடன் 12 லட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது, லாபமும் அவ்வளவு கூடுதல் என்று தொகையோடு எழுத வேண்டும். தொகை இல்லாத விடை அரைகுறை விடைதான்.

அதே வியாபாரி தர வேண்டியது 3 கோடி என்று வையுங்கள். அதை எழுதினால் லாபம் நஷ்டமாகிறது, இரண்டரைக் கோடி நிகர மதிப்பும் கரைந்துபோகிறது. இனி “இது நீங்கலாக மற்றது சரி” என்று சொல்ல மிச்சம் எதுவும் இல்லை. கணக்கு உண்மையான நிலையைக் காட்டவில்லை என்று நேராகச் சொல்லும் அட்வர்ஸ் ஒபீனியன்தான் வரும்.

மூன்றாவது நிலை வேறு. நிறுவனத்தின் மொத்தச் சொத்து 10 கோடி, அதில் ஆறரைக் கோடி வசூலாக வேண்டிய கடன். வெள்ளத்தில் பில் பதிவுகள் அழிந்துவிட்டன. கடனாளிகளுக்கு ஆடிட்டர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆண்டு முடிந்தபின் வங்கியில் வந்த தொகைகளையும் எந்த பில்லுக்கு உரியவை என்று பொருத்த முடியவில்லை. தவறு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இங்கே கருத்தே சொல்லாமல் விலகும் டிஸ்கிளைமர். இதுவே ஒரு கிளையின் 15 லட்சம் சரக்கை மட்டும் எண்ண முடியாமல் போயிருந்தால் குவாலிஃபைட் போதும்.

டிஸ்கிளைமரைப் பலர் பாதுகாப்பான ஒதுங்குமிடமாக நினைக்கிறார்கள். மூன்று கோடி தேறாது என்று தெரிந்த ஆடிட்டர், நிர்வாகத்தின் மனம் நோகக் கூடாதென்று “எங்களால் கருத்துச் சொல்ல இயலவில்லை” என்று எழுத முடியாது. தெரிந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அட்வர்ஸுக்குக் கையில் போதுமான சான்று வேண்டும். டிஸ்கிளைமருக்குச் சான்று கிடைக்கவே கூடாது. இரண்டையும் குழப்பும் விடைத்தாள்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் சறுக்குகின்றன.

சத்யத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வங்கிக்கு நேரடியாக எழுத விடமாட்டோம் என்று நிர்வாகம் அடம்பிடித்து, ஆடிட்டரும் விடாமல் நின்றிருந்தால், சொத்தின் பெரும்பகுதியான 5,361 கோடிக்குச் சான்று இல்லை என்றாகியிருக்கும், முடிவு டிஸ்கிளைமர். எழுத விட்டிருந்தால் வங்கிகளின் பதிலே தவறைக் காட்டியிருக்கும். நிர்வாகம் திருத்த மறுத்திருந்தால் அட்வர்ஸ். இரண்டில் எது வந்திருந்தாலும், க்ளீன் ரிப்போர்ட்டுக்கு இடமே இருந்திருக்காது.

அறிக்கையின் வாசகத்திலும் ஆடிட்டரின் நிலை பதிவாகிறது. தவறு தெரிந்து தரும் குவாலிஃபைட் கருத்தில் அதன் “விளைவுகள் நீங்கலாக” என்று எழுத வேண்டும். சான்று கிடைக்காமல் தரும் குவாலிஃபைட் கருத்தில் “இருக்கக்கூடிய விளைவுகள் நீங்கலாக” என்று எழுத வேண்டும். டிஸ்கிளைமரில் “தணிக்கை செய்தோம்” என்று தொடங்கக் கூடாது. “தணிக்கை செய்ய நியமிக்கப்பட்டோம்” என்றே தொடங்க வேண்டும்.