குதிகாலைத் தூக்க எத்தனை கிலோ?

5 கிலோ டம்பெல்லைக் கையில் பிடித்து, முழங்கையை மடக்கி, முன்கை தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். கையில் இருப்பது 5 கிலோதான். ஆனால் அதை அப்படியே தாங்கிக்கொள்ள மேற்கைத் தசை இழுக்கிற இழுப்பு, கிட்டத்தட்ட 40 கிலோ எடைக்குச் சமம்.

இந்தக் கணக்குக்கு ஏழாம், எட்டாம் வகுப்பில் படித்த நெம்புகோல் போதும். நெம்புகோலில் மூன்று இடங்கள் உண்டு: தாங்கும் ஆதாரப்புள்ளி, தூக்க வேண்டிய பளு, நாம் விசை கொடுக்கும் இடம். நடுவில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்து வகை மாறும். ஆதாரம் நடுவில் இருந்தால் முதல் வகை, கத்தரிக்கோல் மாதிரி. பளு நடுவில் இருந்தால் இரண்டாம் வகை, பாக்குவெட்டி மாதிரி. விசை நடுவில் இருந்தால் மூன்றாம் வகை, இடுக்கி மாதிரி.

டம்பெல் தூக்கும் கை மூன்றாம் வகை. ஆதாரம் முழங்கை மூட்டு. பளு உள்ளங்கையில், மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி. பைசெப்ஸ் தசையின் நாண் முன்கை எலும்பில் ஒட்டியிருப்பதோ மூட்டிலிருந்து 5 செ.மீ. தூரத்துக்குள். டம்பெல்லின் 5 கிலோவை 35-ஆல் பெருக்கினால் 175. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒன்றரை கிலோ இருக்கும். அதன் எடைமையம் 15 செ.மீ. தூரத்தில் என்று வைத்தால் இன்னொரு 22.5. மொத்தம் 197.5. இதை 5-ஆல் வகுத்தால் 40 கிலோவுக்குச் சற்றே குறைவு. (முழங்கையை மடக்க வேறு தசைகளும் துணைக்கு வரும். எல்லாவற்றையும் பைசெப்ஸ் கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

எட்டு மடங்கு நஷ்டத்துக்கு ஏன் இப்படி ஓர் அமைப்பு? நஷ்டம் விசையில்தான், தூரத்தில் லாபம். தசை ஒரு செ.மீ. சுருங்கினால் கை ஏழு செ.மீ. நகர்கிறது, அதே நேரத்துக்குள். தசையால் அதிக தூரம் சுருங்க முடியாது, ஆனால் பலமாக இழுக்க முடியும். கல்லெறிவதும் பந்து வீசுவதும் இந்தப் பேரத்தால்தான் நடக்கின்றன. ஜிம்மில் கை சோர்ந்தவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து வீசித் தூக்குவதும் இதே கணக்கில் அடங்கும். முன்கை படுக்கையாக இருக்கும் அந்த இடத்தில்தான் பளுவின் தூரம் மிக அதிகம். அங்கே தசை திணறுகிறது. வேகத்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடப் பார்க்கிறார்கள்.

தலையாட்டுவது முதல் வகை. மண்டையோடு கழுத்தின் முதல் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலையின் எடைமையம் அந்த மூட்டுக்கு ஓரிரு செ.மீ. முன்னால் விழுகிறது. அதைச் சமன் செய்யப் பின்கழுத்துத் தசைகள் சதா லேசாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நாலரை கிலோ தலைக்கு இரண்டு கிலோவுக்கும் குறைந்த இழுப்பு போதும். பேருந்தில் தூக்கம் வந்தவுடன் தலை முன்னால் சரிவது பின்கழுத்துத் தசைகள் பிடியை விடுவதால். ‘சரி’ என்று தலையைக் கீழே ஆட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான். தூக்கும்போதுதான் அவற்றுக்கு வேலை.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் காலில் இருக்கிறது.

குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்பதைத்தான் இரண்டாம் வகைக்கு உதாரணமாகப் பாடப்புத்தகங்கள் காட்டுகின்றன. விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பாத மேடு ஆதாரம். உடல் எடை இறங்கும் கணுக்கால் நடுவில். குதிகால் எலும்பை மேலே இழுக்கும் கெண்டைக்கால் தசை கடைசியில். பாத மேட்டிலிருந்து கணுக்கால் 12 செ.மீ., அங்கிருந்து குதிகால் நாண் இன்னும் 5 செ.மீ. என்று வைப்போம். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் குதிகாலைத் தரையிலிருந்து எடுக்கிறார். 60-ஐ 12-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால் 42 கிலோ. உடல் எடையைவிடக் குறைந்த விசையில் உடலையே தூக்கிவிடுகிறோம், இரண்டாம் வகையின் லாபம் இது என்று பாடம் முடிந்துவிடும்.

அந்த 42 தவறு.

பாக்குவெட்டியை அழுத்தும் கை பாக்குவெட்டிக்கு வெளியே இருக்கிறது. கெண்டைக்கால் தசை அப்படி இல்லை. அதன் மேல்முனை அதே காலின் எலும்புகளில், முழங்காலை ஒட்டிப் பிடித்திருக்கிறது. குதிகாலை எவ்வளவு பலமாக மேலே இழுக்கிறதோ, கால் எலும்பையும் அதே அளவு கீழே இழுக்கிறது. அந்த இழுப்பும் கணுக்காலில் போய் இறங்குகிறது. ஆகவே நடுவில் இருக்கும் பளு 60 கிலோ அல்ல. 60 கிலோவும் தசையின் இழுப்பும் சேர்ந்தது.

சரியான விடைக்கு எளிய வழி, பாதத்தை மட்டும் தனியாகப் பார்ப்பது. உயர்ந்து நிற்கும்போது தரை, பாத மேட்டை 60 கிலோ அளவுக்கு மேலே தள்ளுகிறது. கணுக்காலிலிருந்து அது 12 செ.மீ. முன்னால்; நாண் 5 செ.மீ. பின்னால். 60-ஐ 12-ஆல் பெருக்கினால் 720. 5-ஆல் வகுத்தால் 144 கிலோ. பாடப்புத்தக வழியிலேயே போய்ப் பளுவை 60-உம் 144-உம் சேர்ந்த 204 என்று வைத்தாலும் இதே விடைதான் வரும்: 204-ஐ 12-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பாதத்தைத் தனியாகப் பார்த்த கணக்கில் கணுக்கால் நடுவில் வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். அப்படியானால் அது முதல் வகை ஆயிற்றே என்று வாதாடும் ஆசிரியர்கள் உண்டு. எதை அசையாததாக வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் சரி. என்னைக் கேட்டால், வகையைப் பற்றிச் சண்டை போடுவதைவிட 144 என்ற எண்ணை நினைவில் வைப்பது பயனுள்ளது.

முழு எடையும் பாத மேட்டுக்குத்தான் போகிறதா என்று சந்தேகம் இருந்தால், சுவரை ஒட்டி நின்று கால்விரல் நுனியும் மூக்கும் சுவரைத் தொடும்படி வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலோரால் முடியாது. உடல் சற்று முன்னால் நகர்ந்து, எடை பாத மேட்டுக்கு நேர் மேலே வந்தால்தான் குதிகால் எழும்பும். சுவர் அந்த நகர்வைத் தடுக்கிறது.

உடம்பின் தசைகள் தாம் தூக்கும் எடையைவிடப் பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை விரிவாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இத்தாலியரான ஜொவான்னி அல்ஃபோன்சோ பொரெல்லி. 1679-இல் அவர் இறந்த பிறகுதான் விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல் அச்சானது. அதுவரை, சிறிய விசையால் பெரிய பளுவைத் தசைகள் நகர்த்துகின்றன என்பதே பொதுவான நம்பிக்கை.

ஒற்றைக் காலில் மெதுவாக எழும்பவே 144 கிலோ என்றால், ஓடித் திரும்பித் தாவும்போது நாணின் மேல் ஏறும் சுமை இதைவிட அதிகம். இறகுப்பந்து ஆடும் நடுவயதுக்காரர்களுக்குச் சில நேரம் இந்த நாண் அறுந்துவிடுகிறது. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்பார்கள். சுளுக்கு என்று விட்டுவிடுவதும் நடக்கும். காரணம், நாண் அறுந்த பிறகும் விரல்கள் அசையும்; வேறு சிறு தசைகள் பாதத்தை ஓரளவு கீழே வளைக்கும். மருத்துவர் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பார். நாண் முழுசாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி வளையும், அறுந்திருந்தால் அசையாது.

காயம் இல்லாதவரின் கெண்டைக்கால் பலத்தைச் சோதிக்கக் கையால் தடுத்துப் பார்ப்பது போதாது. எந்த மருத்துவரின் கையும் அந்தத் தசையிடம் தோற்றுவிடும். தசை ஓரளவு பலவீனப்பட்டிருந்தாலும் வெளியே தெரியாது. அதனால், சுவரில் விரலை மட்டும் ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் திரும்பத் திரும்பத் தூக்கி இறக்கச் சொல்கிறார்கள்.